முன்பின் தெரியாதவர் படிக்கிற அளவுக்கு மடலைச் சுருக்குவது: கல்வெட்டு வாசிக்க உதவி கேட்பவர்களின் கேள்விகள்

விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கற்களைப் பார்த்துப் பதிவு செய்யும் சிறிய குழு எங்களுடையது. ஏரியில், வயல் வரப்பில், இடிந்த மண்டபத்தில் எழுத்துள்ள கல்லைக் கண்டவர்கள் எங்களிடம் வருவார்கள். வாசிக்கத் தெரிந்த அறிஞருக்கு ஒரு மடல் எழுதச் சொல்வோம். எழுதிக்கொண்டு வருவார்கள், அது மூன்று பக்கம் இருக்கும். அதை அப்படியே அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று வருந்தியவர்கள் நிறையப் பேர். மடலைச் சுருக்க உட்காரும்போது அவர்கள் கேட்ட கேள்விகளும், நான் சொல்லிவரும் பதில்களும் இவை.

"எவ்வளவு நீளம் இருந்தா படிப்பாங்க? ஒரு கணக்கு சொல்லுங்க."

தமிழில் 80 முதல் 100 வார்த்தை. ஆங்கிலத்தில் மடல் எழுதக் கற்றுத்தருபவர்கள் 150, 200 வார்த்தை வரை போகலாம் என்பார்கள். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. தமிழில் வேற்றுமை, காலம், இடம் எல்லாம் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும். 'இணைத்திருக்கிறேன்' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று. அதனால் தமிழில் 200 வார்த்தை என்பது பார்வைக்கு மிக நீண்ட மடல்.

வார்த்தையை எண்ணுவதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. மடலை முதலில் உங்களுக்கே அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். விரலால் ஒரு முறை தள்ளினால் முடிவு வரைக்கும் தெரிய வேண்டும். இரண்டு முறைக்கு மேல் தள்ள வேண்டியிருந்தால் அது 'பிறகு படிக்கலாம்' என்று ஒதுக்கப்படும் மடல். ஒதுக்கியவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. உண்மையிலேயே பிறகு படிக்கலாம் என்று நினைத்துத்தான் மூடுகிறார்.

"எங்க ஊர்க் கதையை முழுசா சொன்னாத்தானே அவருக்குப் புரியும்?"

அவருக்கு முதலில் புரிய வேண்டியது ஊரின் கதை இல்லை, தன்னிடம் என்ன வேலை வந்திருக்கிறது என்பது. கல்வெட்டு அறிஞர் மடலைத் திறந்ததும் அவர் மனதில் ஓடுவது மூன்று கேள்விகள்தான்: எங்கே இருக்கிறது, படம் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா, என்னிடம் என்ன கேட்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ஊரின் கதையை அவரே கேட்பார். கல்வெட்டில் ஒரு பெயர் வந்து, அந்தப் பெயரில் ஊரில் ஒரு தெரு இருக்கிறதா என்று அவரே தேடி வருவார். அப்போது சொல்லுங்கள். கேட்டவரிடம் சொல்லும் கதைக்கு நீளக் கணக்கு கிடையாது.

ஒரு நண்பர் எழுதிவந்த மடலின் தொடக்கத்தை, அவர் சம்மதத்தோடு, ஊர் அடையாளம் இல்லாமல் தருகிறேன்:

> பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும் உரிய ஐயா அவர்களுக்கு, வணக்கங்கள் பல. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். நமது தமிழ்நாடு தொன்மையான வரலாறு கொண்ட மண் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த வகையில் எங்கள் ஊரும் சோழர் காலத்திலிருந்தே இருந்துவரும் ஊர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் ஊரில் மூன்று கோயில்களும் இரண்டு ஏரிகளும் உள்ளன. இதில் பெரிய ஏரியில் சென்ற மாதம் எங்கள் இளைஞர் மன்றத்து நண்பர்கள் மாலையில் விளையாடச் சென்று, பந்து மடை அருகே விழுந்து, அதை எடுக்கப் போனபோது, தண்ணீர் வற்றியிருந்ததால் வெளியே தெரிந்த ஒரு கல்லில் ஏதோ எழுத்து இருப்பதைக் கண்டு, எனக்குப் போன் செய்து சொல்லி…

இப்படி 400 வார்த்தைக்கு மேல் போனது. 'கல்' என்ற சொல் வருவதற்குள் ஐந்து வாக்கியங்கள் ஓடிவிட்டன. என்ன உதவி வேண்டும் என்பது கடைசிப் பத்தியில், அதுவும் 'ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்ற சொல்லாக மட்டும் இருந்தது. எதை ஆவன செய்வது? வந்து பார்ப்பதா, படத்தைப் பார்த்து வாசிப்பதா, அரசுக்குச் சொல்வதா? நண்பரிடமே கேட்டேன். அவரும் முடிவு செய்திருக்கவில்லை.

"சரி, வெட்டுறதை எங்கே ஆரம்பிக்கிறது?"

முதல் வரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் வரியில் தொடங்கினால் அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல் என்று எடுத்து, 400 வார்த்தை 350 ஆகும், அவ்வளவுதான். கடைசிப் பத்திக்குப் போங்கள். நாம் பேச்சில் எப்படிச் சுற்றி வளைத்து உதவி கேட்கிறோமோ அப்படியே எழுத்திலும் செய்வதால், வேண்டுகோள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை எடுத்து ஒரு வெற்றுத் தாளில் தனியாக எழுதுங்கள். தெளிவாக இல்லையென்றால் முதலில் அதைத் தெளிவாக்குங்கள். நண்பருடைய மடலில் 'ஆவன செய்ய' என்பது, பத்து நிமிடம் பேசிய பிறகு, 'இது எந்தக் காலத்து எழுத்து என்று பார்த்துச் சொல்ல முடியுமா' என்று ஆனது. அந்த ஒரு வரி கிடைத்ததும் மற்ற வேலை பாதி முடிந்துவிட்டது.

அடுத்து, அந்த ஒரு வேண்டுகோளுக்குப் பதில் சொல்ல அவருக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் பழைய மடலில் அடிக்கோடிடுங்கள். பந்து விழுந்தது தெரிய வேண்டுமா? வேண்டாம். தண்ணீர் வற்றியதால் கல் தெரிந்தது? வேண்டும், ஏனென்றால் மழை வந்தால் மறுபடி மூழ்கிவிடும், அவசரம் இருக்கிறது. மூன்று கோயில்? வேண்டாம். பெரிய ஏரியின் மடை? கட்டாயம் வேண்டும். மடையில் இருக்கும் கல்வெட்டு என்றால், அந்த மடையை யார் அமைத்துக்கொடுத்தார் என்று சொல்வதாக இருக்க வாய்ப்பு அதிகம்; அதை மனதில் வைத்துக்கொண்டு அவர் எழுத்துகளைத் தேடுவார்.

அடிக்கோடிட்டு முடித்தபோது நண்பர் கவனித்த விஷயம் வேறு. தேவையான சில செய்திகள் அந்த 400 வார்த்தையில் இல்லவே இல்லை. கல்லின் அளவு இல்லை, எத்தனை வரி என்று இல்லை, வட்டத்தின் பெயர் இல்லை. நீளமான மடல்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். அதனால் வெட்டும்போதே சேர்க்கவும் வேண்டியிருக்கும்.

"வெட்டினதுக்கு அப்புறம் எப்படி இருந்துச்சு? முழுசா காட்டுங்க."

> பொருள்: ஏரி மடையில் 9 வரிக் கல்வெட்டு, காலம் அறிய உதவி
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் மடைக்கல்லில் 9 வரிக் கல்வெட்டு இருக்கிறது. மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். இது எந்தக் காலத்து எழுத்து என்று பார்த்துச் சொல்ல முடியுமா?
>
> வெளியே தெரியும் உயரம் 4 அடி, அகலம் ஒன்றரை அடி. எழுத்து உள்ள பக்கம் கிழக்கு பார்த்தது. முதல் வரியில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்பது மட்டும் எங்களுக்குத் தெரிகிறது. அதற்கு மேல் வாசிக்கத் தெரியவில்லை. கீழ்ப்பகுதி மண்ணில் புதைந்திருக்கிறது, நாங்கள் தோண்டவில்லை.
>
> இடம்: (ஊர்), (வட்டம்). முன்பு (பழைய வட்டம்) வட்டத்தில் இருந்தது. ஐப்பசி மழை வந்தால் கல் மூழ்கிவிடும்.
>
> தங்கள் கட்டுரையில் வந்த மடைக்கல்லின் வடிவம் இதோடு ஒத்திருப்பதால் எழுதுகிறேன். தங்களுக்கு நேரம் இல்லையென்றால் வேறு யாரைக் கேட்கலாம் என்று சொன்னாலும் போதும்.
>
> நன்றி.
> (பெயர்), இளைஞர் மன்றம், (தொலைபேசி எண்)

ஏறக்குறைய 90 வார்த்தை. மூன்றாவது வாக்கியத்திலேயே வேண்டுகோள் வந்துவிட்டது. பொருள் வரியைப் பாருங்கள்: 'உதவி வேண்டி', 'மிக முக்கியம்' என்பது போன்ற சொற்களால் அதை நிரப்பவில்லை. பெட்டியில் மடல்களின் பட்டியலைப் பார்க்கும்போதே 'மடை', '9 வரி' இரண்டும் கண்ணில் படும். கல்வெட்டுக்காரர்களுக்கு அந்த இரண்டு சொல் போதும், திறந்துவிடுவார்கள்.

பழைய வட்டத்தின் பெயர் எதற்கு என்று பலர் அதை வெட்டிவிடப் பார்க்கிறார்கள். வெட்டாதீர்கள். கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஊர்கள் அந்தந்தக் காலத்து மாவட்டம், வட்டத்தின் கீழே இருக்கும். வட்டங்கள் பலமுறை பிரிந்துவிட்டதால், இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இரண்டு மூன்று சொற்களில் அவருடைய தேடும் வேலையைக் குறைக்கிறீர்கள். நீளத்தைக் குறைப்பது என்றால் படிப்பவருடைய வேலையைக் குறைப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். அப்படிக் குறைக்கிற சொல், கூடுதலாக இருந்தாலும் இருக்கட்டும்.

"ஒரே வாக்கியம் எட்டு வரிக்குப் போகுது. எங்கே உடைக்கிறதுன்னு தெரியல."

'சென்று, விழுந்து, கண்டு, சொல்லி' என்று எச்சங்கள் வரிசையாக வரும் இடத்தில் உடையுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். ஒரு வாக்கியத்தில் ஐந்து எச்சம் இருந்தால், யார் என்ன செய்தார் என்று முடிவாகத் தெரிய ஐந்தையும் மனதில் சுமந்துகொண்டே போக வேண்டும். தெரிந்தவர் சொன்னால் சுமப்போம். முன்பின் தெரியாதவர் எழுதினால், பாதியில் கண் தாவிவிடும்.

உடைப்பதற்கு முன்னால் எச்சங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு வரை சரி. மூன்றாவது வந்தால், அதை '-ஆர்கள்', '-ஓம்' என்று முற்றாக்கி முற்றுப்புள்ளி வையுங்கள். அப்படிச் செய்ததும் ஒவ்வொரு துண்டும் தனி வாக்கியமாக நிற்கும். 'நண்பர்கள் மாலையில் விளையாடச் சென்றார்கள். பந்து மடை அருகே விழுந்தது.' தனியாக நிற்கும்போதுதான் இந்த இரண்டும் மடலுக்குத் தேவையில்லை என்பது நமக்கே தெரிகிறது. எச்சமாக இருந்தவரை அவை அடுத்த சொல்லின் தோளில் ஏறி வந்துகொண்டிருந்தன. அதனால்தான் முதலில் உடைக்கச் சொல்கிறேன், பிறகு வெட்டச் சொல்கிறேன். மாற்றிச் செய்தால் வாக்கியம் அறுந்து தொங்கும்.

"மரியாதைச் சொல்லையெல்லாம் எடுத்துட்டா திமிராத் தெரியாதா?"

எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லவில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மா' ஒன்று, வணக்கம் ஒன்று, 'தாங்கள்' என்ற விளி, முடிவில் நன்றி ஒன்று. இவை நான்கும் இருந்தால் தமிழில் மரியாதை குறைவதில்லை. 'பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும்' என்று இரண்டு மூன்று சேரும்போது அது மேடையில் வாசிக்கும் வரவேற்புரை மாதிரி ஆகிறது. பெரிய விழாவுக்கு அழைக்கப்போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, படிக்காமலே மூடிவிட்டதாக ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார்.

'தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்' என்ற வரியையும் எடுத்துவிடலாம். அதே மரியாதையை, 'நேரம் இல்லையென்றால் வேறு யாரைக் கேட்கலாம் என்று சொன்னாலும் போதும்' என்ற வரி செய்துவிடுகிறது. மறுப்பதற்கு ஒரு வழி விட்டுக் கேட்பதை எவரும் திமிர் என்று எடுத்துக்கொள்வதில்லை. அந்த வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. எங்களுக்கு வந்த நல்ல பதில்களில் பல, 'எனக்கு இப்போது முடியாது, இவரிடம் கேளுங்கள்' என்று வந்தவைதான்.

அவர் பெண்ணா ஆணா என்று உறுதியாகத் தெரியாமல் 'ஐயா' என்று போட்டுவிடாதீர்கள். கட்டுரையின் முகப்பில் பார்க்கலாம், இல்லையென்றால் பெயரோடு 'அவர்களுக்கு' என்று முடித்துக்கொள்ளலாம்.

"எங்களைப் பத்தி ஒண்ணுமே இல்லையே. யாருன்னு நம்பி பதில் சொல்வாங்க?"

மேலே உள்ள மடலில் உங்களைப் பற்றி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கடைசி வரியில், பெயர், மன்றம், தொலைபேசி எண். இன்னொன்று, 'நாங்கள் தோண்டவில்லை' என்ற வரி. மன்றம் எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை மரம் நட்டது, ரத்ததான முகாம் நடத்தியது என்று நண்பர் 60 வார்த்தை எழுதியிருந்தார். அந்த நல்ல வேலைகளால் கல்வெட்டு அறிஞருக்கு நம்பிக்கை வராது. தோண்டவில்லை, அளவெடுத்திருக்கிறோம், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிறோம் என்ற இந்த மூன்றும் வரவழைக்கும்.

இதையே மற்ற மடல்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். பள்ளி நூலகத்துக்குப் பதிப்பகத்திடம் புத்தகம் கேட்கும் மடல் என்றால், பள்ளியின் நூறாண்டுப் பெருமையைவிட, 'நூலகம் மதியம் திறந்திருக்கும், பொறுப்பில் ஒரு ஆசிரியர் இருக்கிறார்' என்ற வரி அதிக நம்பிக்கை தரும்.

"நாலு உதவி வேணும். நாலையும் ஒரே மடல்ல கேட்டுடலாமா?"

ஒன்றைக் கேளுங்கள். அதுவும் அவர் இருக்கும் இடத்தை விட்டு எழாமல் செய்யக்கூடியதை. நண்பருக்கு உண்மையில் நான்கு வேண்டியிருந்தது: காலம் தெரிய வேண்டும், முழு வாசகம் வேண்டும், அவர் நேரில் வர வேண்டும், தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்த வேண்டும். படத்தைப் பார்த்து எழுத்தின் காலத்தை ஏறக்குறையச் சொல்வது, பழகியவருக்குச் சில நிமிட வேலை. முழு வாசகம் என்றால் பல மணி நேரம் ஆகலாம், கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் மசிப்படி இல்லாமல் முடியாமலும் போகலாம். நான்கையும் ஒன்றாக வைத்தால், அவர் மனம் பெரிய வேலையைத்தான் எண்ணிப் பார்க்கும். சின்ன வேலைக்கும் பதில் வராது.

நான்காவது உதவியை அவரிடம் கேட்கவே வேண்டாம். அதற்கு மாவட்டத் தொல்லியல் அலுவலர் இருக்கிறார், மாவட்ட அரசு அருங்காட்சியகம் இருந்தால் காப்பாட்சியர் இருக்கிறார். அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள், நீங்களே எழுதலாம். தவறான ஆளிடம் கேட்கும் வரிதான் ஒரு மடலில் வெட்டுவதற்கு மிக எளிதான வரி.

"அவங்க கட்டுரையைப் படிச்சேன்னு எழுதுறது முகஸ்துதி ஆகாதா?"

படித்திருந்தால் ஆகாது, படிக்காமல் எழுதினால் ஆகும். 'தங்கள் ஆய்வுப் பணிகள் அனைத்தையும் வியந்து படித்துவருகிறேன்' என்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அப்படி யாருக்கும் பொருந்தும் வரி முதலில் வெட்டப்பட வேண்டியது. 'கட்டுரையில் வந்த மடைக்கல்லின் வடிவம் இதோடு ஒத்திருக்கிறது' என்பது அவருக்கு மட்டும் எழுதக்கூடியது. அதில் ஒரு செய்தியும் இருக்கிறது: படத்தைத் திறக்காமலே அவருக்குக் கல்லின் வடிவம் தெரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. ஒத்திருக்கிறது என்று எழுதினால் உண்மையிலேயே ஒத்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம். இல்லாமலும் மடல் நன்றாகத்தான் இருக்கும்.

"வெட்ட மனசே வரலை. அத்தனையும் கஷ்டப்பட்டு விசாரிச்சு எழுதினது."

அழிக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். பழைய மடலை அப்படியே 'ஊர்க் குறிப்பு' என்று வேறு கோப்பில் சேமித்துவையுங்கள். ஏரியைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது, மடைக்கு ஊரில் வழங்கும் பெயர், பக்கத்து வயல்களின் பெயர்கள் எல்லாம் உண்மையிலேயே பயன்படும். கல்வெட்டில் வரும் நிலத்தின் பெயர் இன்றைக்கும் வயலின் பெயராக ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. வாசகம் தெரிந்த பிறகு அந்தக் குறிப்புக்கு மதிப்பு கூடும்.

ஆனால் அந்தக் கோப்பை முதல் மடலோடு இணைக்காதீர்கள். மடலைச் சுருக்கிவிட்டு, ஆறு பக்க இணைப்பு வைத்தால், மடல் ஆறு பக்கம்தான். பதில் வந்த பிறகு, 'ஊரைப் பற்றிய குறிப்பு ஒன்று வைத்திருக்கிறோம், அனுப்பலாமா' என்று கேளுங்கள்.

"படம் எத்தனை வைக்கணும்? நாங்க நாற்பது எடுத்திருக்கோம்."

மூன்று. கல் முழுவதும் தெரியும் ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோலோ செங்கல்லோ வைத்து. எழுத்துப் பகுதி மட்டும் நேராக எடுத்த ஒன்று. மிகத் தெளிவாக இருக்கும் இரண்டு வரிகளின் நெருக்கமான படம் ஒன்று. நாற்பது படத்தைப் பார்த்துத் தேர்வு செய்யும் வேலையை அவர் தலையில் வைப்பதும் சுற்றி வளைத்து எழுதுவதும் ஒன்றுதான். வாசகத்தைச் சுருக்கியவர்கள் படத்தில் கோட்டைவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

மூன்று படமே போதுமாக இருக்க, அவை நன்றாக இருக்க வேண்டும். வெயில் கல்லின் முகத்துக்கு நேராக விழும்போது எடுக்காதீர்கள். அப்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் இருக்காது, எழுத்து தெரியாது. வெயில் கல்லின் மேல் சாய்வாக வழுக்கிப் போகும் நேரத்தில் எடுங்கள். கிழக்கு பார்த்த இந்தக் கல்லுக்குக் காலை பத்து, பதினொரு மணிவாக்கில் வெயில் சாய ஆரம்பித்தது. அதைவிட எளிது, இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடித்து எடுப்பது. எழுத்துத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, எண்ணெய், பெயிண்ட் எதையும் பூசாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். கல் கெடும். நாம் தேய்த்த கோடு எழுத்தாகத் தெரிந்து, வாசிப்பவரைத் தவறாகவும் கொண்டுபோகும்.

"மின்னஞ்சல் இல்லை, வாட்ஸ்அப் நம்பர்தான் கிடைச்சது. அதே மடலை அனுப்பலாமா?"

இன்னும் பாதியாக்கி அனுப்புங்கள். வணக்கம், ஒரு வரியில் கல், ஒரு வரியில் வேண்டுகோள், ஊர், பெயர். அளவு, பழைய வட்டம், மழை எல்லாம் அடுத்த செய்திக்கு. ஆனால் ஒரே செய்தியாக அனுப்புங்கள். 'வணக்கம் ஐயா' என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். யார், எதற்கு என்று தெரியாத வணக்கத்துக்குப் பெரும்பாலும் யாரும் பதில் போடுவதில்லை. குரல் பதிவும் வேண்டாம். அதை மேலோட்டமாகப் பார்க்க முடியாது, முழுவதும் கேட்டாக வேண்டும்.

படத்தை வழக்கம்போல் அனுப்பினால் வாட்ஸ்அப் அதன் தரத்தைக் குறைத்துவிடும், எழுத்து மங்கிவிடும். இணைப்புப் பொத்தானில் Document என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போகும். எண்ணைக் கொடுத்தவர் யார் என்பதையும் ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள்.

"ரொம்பக் குறைச்சுட்டேனோன்னு பயமா இருக்கு. எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அனுப்புவதற்கு முன், விஷயம் தெரியாத ஒருவரிடம் மடலைக் கொடுத்து, படித்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். 'இதில் என்ன கேட்டிருக்கு, எந்த ஊர், நீங்க என்ன செய்யணும்?' என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் போதுமான அளவு இருக்கிறது. 'எந்தக் கல்?' என்று திருப்பிக் கேட்டால் குறைத்துவிட்டீர்கள். வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ கொடுத்தாலே போதும்; படிப்பறிவு சோதனை அல்ல இது.

அனுப்பிய பிறகும் ஒரு அடையாளம் உண்டு. வரும் பதில், நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்பதாக இருந்தால், அந்த இடத்தில் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். எங்கள் பழைய மடல் ஒன்றுக்கு, 'கல் எவ்வளவு பெரியது?' என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. நாங்கள் அளந்து அனுப்ப ஒரு வாரம் ஆனது, அதற்குள் அவர் வெளியூர் போய்விட்டார். அன்றிலிருந்து அளவை நான் வெட்டவிடுவதில்லை.

"பதினைஞ்சு நாளாச்சு, பதில் வரலை. இன்னும் சுருக்கி மறுபடி அனுப்பவா?"

புதிதாக எழுத வேண்டாம். பழைய மடலிலேயே 'பதில் அனுப்பு' அழுத்தி, அதன் மேல் இரண்டு வரி எழுதுங்கள்: 'ஐயா, வணக்கம். கீழே உள்ள மடைக் கல்வெட்டுப் படங்களைப் பார்க்க முடிந்ததா? ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது.' உண்மையில் தண்ணீர் வந்திருந்தால் மட்டும் இரண்டாவது வரி. இல்லாத அவசரத்தை உண்டாக்காதீர்கள். இதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு வேறொருவருக்கு எழுதுங்கள். மூன்றாவது நினைவூட்டலால் பதில் வந்து நான் பார்த்ததில்லை. அடுத்தவருக்கு எழுதும்போது கட்டுரை பற்றிய வரியை மாற்ற மறக்காதீர்கள்.

"கல் இருக்கிற இடத்துல தகராறு இருக்கு. சுருக்குறேன்னு அதை விட்டுட்டா மறைச்ச மாதிரி ஆகாதா?"

ஆகும். அதனால் அதை வெட்டக்கூடாது. பின்னால் தெரியவந்தால் 'இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்று அவர் வருந்தக்கூடிய எதுவும் 90 வார்த்தைக்குள் இருந்தே ஆக வேண்டும். கல் இருக்கும் இடத்துக்கு வழக்கு நடக்கிறது, ஏரி ஆக்கிரமிப்பு பற்றிப் புகார் கொடுத்திருக்கிறீர்கள், கோயில் உரிமை யாருக்கு என்று இரண்டு தரப்பு இருக்கிறது, இதே படத்தை இன்னொரு அறிஞருக்கும் அனுப்பியிருக்கிறீர்கள், செய்தித்தாளுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். இவையெல்லாம் அந்த வகை. அவர் சொல்லும் காலமும் வாசகமும் நாளைக்கு ஒரு தரப்பின் கையில் ஆவணமாகப் போகலாம். அது தெரிந்து பதில் சொல்வது அவருடைய உரிமை.

ஆனால் தகராறின் வரலாறு வேண்டாம், தகராறு இருக்கிறது என்பது மட்டும் போதும். 'கல் உள்ள இடம் தொடர்பாக வழக்கு நடக்கிறது. இந்த மடல் அதற்காக அல்ல' என்று பத்துச் சொற்களில் முடியும். அந்த இரண்டாவது பாதியை எழுத முடியவில்லை என்றால், அதாவது மடல் உண்மையில் வழக்குக்காகத்தான் என்றால், அதையே வேண்டுகோளாக முதலில் வையுங்கள். வெட்டும் வேலையை மூன்றாவது கேள்வியில் சொன்னபடி, புதிய வேண்டுகோளை வைத்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அப்போது அடிக்கோடிடும் வரிகளும் வேறாக இருக்கும்.